தங்கள் அன்பு மகள் எழுதிக்கொள்வது

எழுபதுகளில் எங்கள் நாசரேத்தில், வெளிநாட்டிலிருந்து மகள் தாய்க்கு எழுதும் கடிதத்துக்கு ஒரு வடிவம் இருந்தது. வலது மூலையில் ஊரும் தேதியும். கீழே, 'கர்த்தருக்குள் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அம்மா அவர்களுக்கு'. அடுத்த வரி, 'தங்கள் அன்பு மகள் எழுதிக்கொள்வது'. அதன்பின் தேவகிருபையால் நான் இங்கு சுகம், அவ்விடம் தாங்களும் அப்பாவும் தம்பி தங்கைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன் என்று வரும். இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் விஷயம்.

என் அக்கா பஹ்ரைனில் நர்ஸாக இருந்தாள். அவள் கடிதம் நீல நிற ஏரோகிராமில் வரும். அதற்குள் வேறு தாள் வைக்கக் கூடாது என்பதால் இருக்கிற இடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். முக்கால் பக்கம் போனதும் எழுத்து சிறுத்துவிடும். கடைசியில் மடிப்போரத்தில் குறுக்காக ஏறி, பசை தடவிய இடத்துக்குள்ளும் நுழையும். கவனமில்லாமல் பிரித்தால் அந்த வரிகள் கிழிந்துபோகும். அம்மா பிரிக்கவே விடமாட்டாள். கத்தரிக்கோலால் மூன்று ஓரமும் வெட்டி, முதலில் தான் ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு என்னிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுவாள். நாசரேத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாட்டி காலத்திலேயே வந்துவிட்டதால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எழுத்து புதிதல்ல. ஆனாலும் கடிதம் இன்னொருவர் குரலில் வந்தால்தான் அவளுக்கு மகளே பேசுவதுபோல் இருக்கும்.

வீட்டில் அக்கா அம்மாவை 'நீ' என்றுதான் சொல்லுவாள். 'எம்மா, நீ சாப்பிட்டியா, இங்க வா' என்பதுதான் எங்கள் பேச்சு. கடிதத்தில் மட்டும் 'தாங்கள்'. சின்ன வயதில் எனக்கு அது அந்நியமாகத் தோன்றியது. கடல் தாண்டிப் போனவள் அம்மாவிடமிருந்து விலகிவிட்டாள் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அருகில் இருக்கும்போது ஒரு கரண்டி கூடுதலாகக் குழம்பு ஊற்றியோ, முதுகுக்குத் தைலம் தேய்த்தோ காட்டுகிற மரியாதையைத் தூரத்திலிருந்து சொல்லால்தான் காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு சொல்லை வைத்திருந்தோம்.

அம்மாவின் பிறந்தநாளுக்கு அக்கா கணக்குப் போட்டு எழுதுவாள். கடிதம் வந்துசேர இரண்டு வாரம் ஆகலாம், மூன்றும் ஆகலாம். ஆகவே மாதத் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுவாள். 'ஆண்டவர் தங்களுக்கு நீடிய ஆயுசும் நல்ல சுகமும் தந்து, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளைக் கண்டு களிக்கச் செய்வாராக' என்று ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிறந்தநாள் காணிக்கை போடும்போது அம்மா அந்த வரியை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இதெல்லாம் நினைவுக்கு வரக் காரணம் சென்ற ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு வியட்நாமியப் பெண்.

தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் என்ற வியட்நாமிய நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. அடிக்கல் நாட்டியது 2024 பிப்ரவரியில். ஒன்றரை ஆண்டுக்குள் எழுந்த அந்த ஆலையோடு ஹாய் ஃபோங் என்ற துறைமுக நகரமும் எங்கள் பக்கத்துக்கு அறிமுகமாகிவிட்டது. அந்த நிறுவனத்தின் தாய் ஆலை அங்கேதான் இருக்கிறது. என் தங்கை மகள் வேலை விஷயமாக அந்த ஊர்ப் பெண் ஒருத்தியோடு பழகி, ஒரு சனிக்கிழமை நாசரேத்துக்கு அழைத்து வந்தாள். வந்தவளுக்கு வயது இருபத்தேழு. மறுநாள் அவள் அம்மாவுக்குப் பிறந்தநாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வாழ்த்து எழுத உட்கார்ந்தாள்.

அவள் நாட்டில் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. நம் இரவு பத்தரைக்கு அங்கே நாள் பிறந்துவிடும். ஆனால் நள்ளிரவில் அனுப்பினால் ஃபோன் சத்தம் அம்மாவை எழுப்பிவிடும் என்று அவள் கவலைப்பட்டாள். அங்கே எல்லாரும் வைத்திருக்கும் ஸாலோ என்ற செயலியில் எழுதி வைத்துக்கொண்டு, விடியற்காலை மூன்றரைக்கு, அதாவது அங்கே ஐந்து மணிக்கு, அம்மா எழுந்து நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் முன் அனுப்ப வேண்டும் என்று அலாரம் வைத்தாள்.

எழுதத் தொடங்குமுன் என் வயதைக் கேட்டாள். அறுபத்தாறு என்றேன். தங்கை மகள் என்னைப் பெரியம்மா என்று அழைப்பதைப் பார்த்து அதன் பொருளையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். உடனே 'பாக்' என்று என்னை அழைக்கத் தொடங்கினாள். அம்மா அப்பாவுக்கு மூத்தவர்களை, ஆணானாலும் பெண்ணானாலும், வட வியட்நாமில் அப்படித்தான் அழைப்பார்களாம். சித்திக்கு ஒரு சொல், அத்தைக்கு ஒரு சொல், தாய்மாமாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று என்று அவள் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தலில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

நம்மைவிட ஒரு படி மேலே போயிருக்கிறார்கள் அவர்கள். நமக்கு 'நான்', 'நீ' என்று எங்கும் செல்லும் சொற்கள் இருக்கின்றன. முறை தெரியாதவர்களிடமும் அவற்றை வைத்துச் சமாளிக்கலாம். வியட்நாமிய வீட்டில் மகள் தாயிடம் பேசும்போது 'நான்' என்று வராது. தன்னைக் 'கோன்' என்கிறாள், பிள்ளை என்று பொருள். தாயை 'மெ' என்கிறாள். தாய் பதில் சொல்லும்போது அதே இரண்டு சொற்கள் இடம் மாறுகின்றன. தாய் தன்னை 'மெ' என்றும் மகளைக் 'கோன்' என்றும் சொல்லுகிறாள். 'நான் சாப்பிட்டேன்' என்பதற்கு 'பிள்ளை சாப்பிட்டாச்சு' என்றுதான் சொல்ல முடியும். தெற்கே சைகோன் பக்கம் 'மெ' என்பதற்கு 'மா' என்பார்கள். பிள்ளை என்ற சொல்லில் மாற்றம் இல்லை.

பாடப்புத்தகங்களில் 'நான்' என்பதற்குத் 'தோய்' என்று ஒரு சொல் கொடுத்திருப்பார்கள். அலுவலகத்திலும் கூட்டத்திலும் முன்பின் அறியாதவரிடமும் அது சரி. அதை ஒரு மகள் தன் தாயிடம் சொன்னால், உறவை அறுத்துக்கொண்டு பேசுகிறாள் என்று அர்த்தமாகிவிடும். இந்தப் பெண் அதை விளக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் ஊரில் பெரிய சண்டையில்தான் அந்தச் சொல் வெளியே வருமாம். புத்தகத்தைப் பார்த்து வியட்நாமிய வாழ்த்து எழுத நினைக்கிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். இலக்கணம் சரியாக இருக்கும், வாழ்த்துப் பெறுகிறவளுக்கு வயிறு கலங்கிப்போகும்.

முதலில் அவள் எழுதியது 'கிங் கூய் மெ'. மரியாதையுடன் தாய்க்கு அனுப்புவது என்று பொருள். எழுதிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி அழித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தும் வங்கியிலிருந்தும் வரும் கடிதம் அப்படித்தான் தொடங்குமாம். 'கிங்' என்ற மரியாதைச் சொல் தனியாக நின்றால் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் குரலாகிவிடுகிறது. அதனோடு 'இயெவ்' என்ற அன்புச் சொல்லைச் சேர்த்தால் வீட்டுக் குரலாகிறது. 'மெ கிங் இயெவ் குவா கோன்' என்று மாற்றினாள். பிள்ளையின் மரியாதைக்கும் அன்புக்கும் உரிய அம்மா. எங்கள் அக்கா ஏரோகிராமில் எழுதியதும் இதே இரண்டு சொற்களைத்தான்.

அடுத்ததாக, தோழி அனுப்பிய ஆயத்த வாழ்த்து ஒன்றை எடுத்து ஒட்டினாள். ரோஜாப்பூப் படமும் அதன் அடியில் எதுகை மோனையோடு நாலு வரியும். அதில் நூறாண்டு வாழ்க என்று ஒரு தொடர் இருந்தது. அங்கே அது மிகவும் பழகிய வாழ்த்து, ஆனால் தாத்தா பாட்டிக்கு உரியது. புத்தாண்டான தெத் நாளில் எழுபது எண்பது வயது முதியவர்களுக்கு ஆயுள் விழா எடுத்து அப்படிச் சொல்லுவார்கள். அவள் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டுதான் ஆகிறது, இன்னும் சந்தையில் மீன் கடை வைத்திருக்கிறாள். அவளுக்குப் போய் நூறாண்டு என்றால் 'என்னைக் கிழவியாக்கிவிட்டாயா' என்று கேட்பாளாம். ரோஜாப்பூவை அழித்துவிட்டு, என்றும் இளமையும் பலமுமாய் இருக்க வேண்டும் என்று எழுதினாள்.

அந்த ஊரின் மூத்த தலைமுறைக்குப் பிறந்தநாள் பழக்கமே குறைவு என்றும் சொன்னாள். பழைய வழக்கப்படி தெத் வந்தால் எல்லாருக்கும் ஒன்றாக வயது ஏறும். பிறக்கும்போதே ஒரு வயது என்று எண்ணுவதால் அம்மா தன் கணக்கில் ஐம்பத்தொன்பது. வீட்டில் தவறாமல் கொண்டாடுவது இறந்தவர்களின் நினைவு நாளைத்தான். கேக் வெட்டும் பிறந்தநாள் பிள்ளைகள் வழியாகப் பெற்றோருக்குப் போய்ச்சேர்ந்தது. அதனால் தாய்க்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதும்போது, நாளைக் கொண்டாடுவதைவிட நன்றி சொல்லுவதுதான் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். என்னைப் பெற்றதற்கும் ஆளாக்கியதற்கும் பிள்ளை நன்றி சொல்லுகிறது என்ற வரி இல்லாமல் வாழ்த்து நிறைவதில்லை.

அவள் தட்டச்சு செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வியட்நாமிய மொழிக்கு ரோமன் எழுத்துதான். ஆனால் அதன் மேலும் கீழும் புள்ளியும் கோடும் கொக்கியும் நிறைய. ஆறு தொனிகள் கொண்ட மொழி, தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். அவள் விரல்கள் தட்டியதும் திரையில் வந்ததும் வேறு வேறாக இருந்தன.

```
Chucs muwngf sinh nhaatj mej
Chúc mừng sinh nhật mẹ
```

மேலே உள்ளது தட்டியது, கீழே உள்ளது வந்தது. அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து என்பதுதான் பொருள். சொல்லின் கடைசியில் s தட்டினால் ஏறும் தொனி, f தட்டினால் இறங்கும் தொனி, j தட்டினால் கீழே போய்த் தொண்டையில் சட்டென நிற்கும் தொனி. a இரண்டு முறை தட்டினால் அதன் தலையில் தொப்பி. இந்த முறைக்கு டெலெக்ஸ் என்று பெயர். தந்தி யுகத்து வழக்கம் இது. தந்தியில் குறிகளை அனுப்ப முடியாததால் எழுத்தை இரட்டித்தும், சொல்லின் கடைசியில் ஒரு எழுத்தை ஒட்டியும் தொனியைக் காட்டினார்கள். தந்தி போய்விட்டது, வழக்கம் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசி j விட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அம்மா புளியாகிவிடுவாள் என்றாள். குறியில்லாத அந்தச் சொல்லுக்கு அங்கே புளி என்றுதான் பொருள். இடம் பார்த்து அம்மா புரிந்துகொள்வாள்தான். ஆனாலும் பிறந்தநாள் வாழ்த்தில் குறிகளைப் போடாமல் விடுவது, தலை சீவாமல் கோயிலுக்குப் போவதுபோல் என்றாள்.

எங்களுக்கும் தந்தி இருந்தது. 2013 ஜூலையில் நிறுத்தினார்கள். வாழ்த்துத் தந்திக்கு அஞ்சலகத்தில் அச்சிட்ட பட்டியல் உண்டு. எண்ணைச் சொன்னால் போதும், ஆங்கில வாசகம் போய்ச்சேரும். அக்கா ஒருமுறை அப்படி அனுப்பினாள். அம்மா அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள், ஆனால் என்னை உரக்க வாசிக்கச் சொல்லவில்லை.

அந்த ரோமன் எழுத்தைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் கடற்கரையின் கதை நினைவுக்கு வந்தது. நான் தமிழாசிரியையாக இருந்தவள், வகுப்பில் பலமுறை சொன்ன கதைதான். 1554-ல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்லா' என்ற சிறு ஜெபப் புத்தகத்தில் தமிழை ரோமன் எழுத்தில்தான் அச்சிட்டார்கள். அதைத் தொகுத்த மூன்று தமிழர்களில் ஒருவர் பெயர் விசென்தே த நசரேத். எங்கள் ஊருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அப்போது இங்கே இந்தப் பெயரில் ஊரே கிடையாது. அந்த வழி தொடர்ந்திருந்தால் நாமும் இன்று ஆங்கில எழுத்துகளில் குறி போட்டுக்கொண்டிருப்போம். ஆனால் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசிய சேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கஸ் அடிகள் தமிழைத் தமிழ் எழுத்திலேயே படித்து, தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்'. பிறகு இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு'. அதே சபையினர் அடுத்த நூற்றாண்டில் வியட்நாமில் செய்தது வேறு. அங்கே சீனச் சித்திர எழுத்து வழியிலான எழுத்து இருந்தது, கற்கப் பல ஆண்டு ஆகும். அவர்கள் ரோமன் எழுத்தை எடுத்துத் தொனிக்குக் குறியிட்டார்கள். அலெக்ஸாந்தர் த ரோட் தொகுத்த அகராதி 1651-ல் ரோமில் அச்சானது. அந்த எழுத்துதான் இருபதாம் நூற்றாண்டில் அந்த நாட்டின் எழுத்தாக நிலைத்தது. புன்னைக்காயலைக் காட்ட அந்தப் பெண்ணைக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் எழுதி முடித்ததை எனக்கு வரிவரியாகச் சொன்னாள். தமிழில் இப்படி வரும்:

'பிள்ளையின் மரியாதைக்கும் அன்புக்கும் உரிய அம்மா. இன்று அம்மாவின் பிறந்தநாள். பிள்ளை தூரத்தில் இருக்கிறது, வரமுடியவில்லை. அம்மா என்றும் இளமையும் பலமுமாய், மனநிம்மதியோடு, அப்பாவோடும் பேரப்பிள்ளைகளோடும் சந்தோஷமாய் இருக்கப் பிள்ளை வணங்கி வாழ்த்துகிறது. அங்கே குளிர். அம்மா கனமான சட்டை போட்டுக்கொள்ள வேண்டும், ஐஸ் தண்ணீரில் அதிக நேரம் கை வைக்கக் கூடாது, சரியா அம்மா. பிள்ளை இந்தியாவில் சுகமாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, தூங்குகிறது. அம்மா கவலைப்பட வேண்டாம். பெற்று வளர்த்து ஆளாக்கியதற்குப் பிள்ளை அம்மாவுக்கு நன்றி சொல்லுகிறது. பிள்ளைக்கு அம்மா நினைவு அதிகம். அம்மாவின் மகள்.'

'சரியா அம்மா' என்ற இடத்தில் 'ஞே' என்று ஒரு சிறு சொல் வைத்திருந்தாள். அது இல்லாவிட்டால் தாய்க்குக் கட்டளையிடுவதாகிவிடும். நினைவு அதிகம் என்ற வரியின் கடைசியில் 'அ' என்று ஒற்றை எழுத்து. மூத்தவர்களிடம் பேசும்போது வாக்கியத்தை அதோடு முடிப்பது பணிவு. எல்லா வரியிலும் போட்டால் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் ஆகிவிடும் என்று ஒரே இடத்தில் மட்டும் போட்டாள். மனதை மிகவும் தொட்ட வரிக்கு.

அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சுகம் சொல்லுதல், சுகம் கேட்டல், கவலைப்படாதே என்று ஆற்றுதல், ஆயுசு வேண்டுதல், கடைசியில் உறவைச் சொல்லிக் கையெழுத்து. ஏரோகிராமில் எங்கள் அக்கா எழுதிய வரிசை அப்படியே இருந்தது. நீலத்தாளோடு நாம் மடித்து வைத்துவிட்ட கடிதம் ஹாய் ஃபோங்கிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கைப்பேசிக்குள் உயிரோடு இருக்கிறது. அவளும் அவசரக்காரிதான், தோழிகளுக்குச் சுருக்கெழுத்தில்தான் அனுப்புகிறாள். ஆனால் தாயிடம் வாயைத் திறந்தாலே பிள்ளை என்று தன்னைச் சொல்லியாக வேண்டிய மொழி அவளுடையது. எவ்வளவு சுருக்கினாலும் அந்த ஒரு சொல் மிஞ்சிவிடுகிறது.

என் மகள் சிட்னியில் இருக்கிறாள். என் பிறந்தநாளுக்குக் காணொளியில் வந்து பேரனைப் பாடவைக்கிறாள், ஒரு மணி நேரம் பேசுகிறாள். அம்மா பார்க்காத முகத்தை நான் பார்க்கிறேன், அந்தப் பாக்கியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் எழுத்தில் வருவது ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் ஒரு கேக் படமும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டேவிட்டேன், 'அடுத்த பிறந்தநாளுக்கு எனக்குத் தமிழ்ல நாலு வரி எழுதி அனுப்புவியாம்மா?' கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'எப்படி ஆரம்பிக்கணும்னு சொல்லுங்கம்மா' என்றாள். சொல்லிக் கொடுத்தேன்.

அதே ஞாயிறு காலையில் எழுந்து வந்தபோது அந்தப் பெண்ணின் தாயிடமிருந்து பதில் வந்திருந்தது. மகளுக்கு இரண்டே வரி. அம்மாவுக்குச் சந்தோஷம், பிள்ளை சோறு சாப்பிட்டாச்சா. அதன் கீழே எனக்கென்று தனியாக நீளமாக எழுதியிருந்தாள். என்னை அவள் அக்கா என்று அழைக்க வேண்டியவள், வயதில் எட்டு ஆண்டு இளையவள். ஆனால் மகள் என்னை எப்படி அழைத்தாளோ அதே சொல்லால், பெரியம்மா என்றே அழைத்திருந்தாள். பிள்ளையின் இடத்தில் நின்றுகொண்டு பேசுவது அங்கே தாய்மாருக்கு வழக்கமாம். தன்னை மட்டும் தங்கை என்று சொல்லிக்கொண்டாள். மகள் தனியாக வந்திருக்கிறாள், காரம் தாங்கமாட்டாள், பேச்சில் துடுக்கு, தப்பு செய்தால் பெரியம்மா கண்டிக்க வேண்டும், தங்கை எதுவும் நினைக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாள்.

பதில் எழுத உட்கார்ந்தோம். பெண் தட்டினாள், நான் சொன்னேன். அக்கா எழுதிக்கொள்வது என்று தொடங்கச் சொன்னேன்.